கட்டை விரல்ல இருந்த பிழை: சீம் நேரா நின்னா பந்து ஏன் நேரா போகுது?

போன எபிசோடுக்கு வந்த மெசேஜ்கள்ல பாதிக்கு மேல ஒரே கேள்வி. "அண்ணா, நான் நல்லா வேகமா போடுறேன், ஆனா பந்து நேரா போக மாட்டேங்குது, என்ன பண்ணலாம்?" இன்னைக்கு அதுக்குத்தான் பதில். ஆனா பொதுவா சொல்லாம, ஒரு பையனை வச்சு சொல்றேன். பேரு வேண்டாம். காலேஜ் ரெண்டாம் வருஷம், வலது கை வேகப்பந்து வீச்சாளன். வார இறுதியில நான் நெட்ஸ்ல உதவி பண்ற இடத்துக்கு வர்றவன்.

அவனுக்கு லீக் டீம்ல முதல் மேட்ச் கிடைச்சுது. ரெண்டு ஓவர் போட்டான். அஞ்சு வைட், அதுல நாலு லெக் சைடுல. கேப்டன் பந்தை வாங்கி வேற ஆள்கிட்ட கொடுத்துட்டார். அப்புறம் மேட்ச் முழுக்க ஃபைன் லெக்ல நின்னுட்டு வந்தான். மேட்ச் முடிஞ்சதும் ஒரு சீனியர், "உன் ஆக்‌ஷனே தப்புடா, கை சாய்வா வருது, மொத்தமா மாத்து"ன்னு சொல்லிட்டார். பையன் ஆடிப் போய்ட்டான். பத்து வருஷமா தெருவுல, கிரவுண்டுல போட்டுப் போட்டு வந்த ஆக்‌ஷன். அதை மாத்தறதுன்னா ஒரு சீசன் போய்டும், சில பேருக்கு முதுகுவலியும் சேர்ந்து வரும். "என்னண்ணா பண்றது?"ன்னு என்கிட்ட வந்தான்.

நான் முதல்ல சொன்னது, ஆக்‌ஷனைத் தொடாத, பந்தைப் பிடிச்சுக் காட்டு.

பிடிக்கிறதுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கணக்கு. பந்து நம்ம கையை விட்டதிலிருந்து பேட்ஸ்மேனோட ஸ்டம்ப் வரைக்கும் சுமார் 18 மீட்டர். மூணு ஸ்டம்பும் சேர்ந்து அகலம் 22.86 சென்டிமீட்டர், பழைய அளவுல 9 அங்குலம். நீங்க மிடில் ஸ்டம்பைக் குறி வச்சு, விடுற திசையில ஒரே ஒரு டிகிரி தப்பினா, பந்து அங்க போய்ச் சேரும்போது 31 சென்டிமீட்டர் தள்ளிப் போயிருக்கும். அதாவது லெக் ஸ்டம்புக்கு வெளியே ஒரு சாணுக்கு நெருக்கமா. அரை டிகிரி தப்பினாலே ஸ்டம்பைத் தாண்டிடும். கடிகாரத்துல நிமிஷ முள் ஒரு நிமிஷம் நகர்றது 6 டிகிரி. அதுல ஆறுல ஒரு பங்கு. அவ்ளோ சின்னத் தப்பைத் தோள்லயோ இடுப்புலயோ தேடிக் கண்டுபிடிக்க முடியாது. கடைசியா பந்தைத் தொடுற இடத்துல, விரல்லயும் மணிக்கட்டுலயும்தான் தேடணும்.

சரி, பிடி. வீட்ல லெதர் பால் இருந்தா எடுத்துக் கையில வச்சுக்கோங்க. சீம் செங்குத்தா நிக்கட்டும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மேல, சீமுக்கு ஆளுக்கொரு பக்கம். ரெண்டுக்கும் நடுவுல கொஞ்சம் இடைவெளி, சீமோட நடுப் பகுதி அந்த இடைவெளியில தெரியணும். விரல் நுனிப் பகுதிதான் பந்து மேல இருக்கணும். கட்டை விரல் கீழ. இதுதான் முக்கியம், நல்லா கேளுங்க: கட்டை விரலோட பக்கவாட்டு ஓரம், நேர் அடியில இருக்கிற சீம் மேல உட்காரணும். மோதிர விரல் மடங்கி ஓரத்துல சும்மா தாங்கிக்கிட்டு இருக்கும். இப்போ பந்துக்கும் உள்ளங்கைக்கும் நடுவுல பாருங்க, வெளிச்சம் தெரியணும். தெரியலைன்னா பந்தை ரொம்ப ஆழமா பிடிச்சிருக்கீங்க.

இறுக்கமும் வேண்டாம். இன்னொருத்தர் வந்து லேசா இழுத்தா பந்து கையோட போராடாம வந்துடணும். இறுக்கிப் பிடிச்சா முன்கை மொத்தமும் விறைச்சுக்கும், மணிக்கட்டு அசையாது.

நம்ம பையன் என்ன பண்ணான்னா, மேல இருந்து பார்த்தா எல்லாமே சரி. ரெண்டு விரலும் அழகா சீமுக்கு ரெண்டு பக்கம். புத்தகத்துல போடலாம். ஆனா பந்தைத் திருப்பிக் கீழ பார்த்தா, கட்டை விரல் அடியில இல்ல. இடது கன்னத்துல ஏறி, முழு சதையும் பதிஞ்சு உட்கார்ந்திருக்கு. ஏன்னு கேட்டேன். அவனுக்கே தெரியாது. எனக்குத் தெரியும், ஏன்னா நானும் அப்படித்தான் இருந்தேன். டென்னிஸ் பால்.

டென்னிஸ் பால் 60 கிராம் கூட வராது. லெதர் பால் 156-ல இருந்து 163 கிராம் வரைக்கும். லேசான பந்துல வேகம் எடுக்கணும்னா உள்ளங்கைக்குள்ள தள்ளிப் பிடிச்சு மணிக்கட்டைச் சுண்டுவோம். அதுல சீம்னு ஒண்ணு கிடையாது, எப்படி விட்டாலும் யாருக்கும் தெரியாது. அதனால கட்டை விரல் எங்க வசதியோ அங்க போய் உட்கார்ந்துக்கும். நான் டென்னிஸ் பாலைக் குறை சொல்லல. சேலம் பக்கம் சின்னப்பம்பட்டியில டென்னிஸ் பால்ல வளர்ந்த நடராஜன் இந்தியாவுக்கு ஆடி, யார்க்கருக்குப் பேர் வாங்கினவர். ஆனா லெதர் பாலுக்கு மாறும்போது கட்டை விரலுக்கு யாராவது புது முகவரி சொல்லிக் கொடுக்கணும். இவனுக்கு யாரும் சொல்லல.

இப்போ மணிக்கட்டுக்கு வருவோம். "மணிக்கட்டு பந்துக்குப் பின்னாடி இருக்கணும்"னு கமென்டரியில அடிக்கடி கேட்டிருப்பீங்க. அர்த்தம் என்ன? பந்து கையை விடுற நொடியில உள்ளங்கை பேட்ஸ்மேனைப் பார்க்கணும். ரெண்டு விரலும் பந்துக்கு நேர் பின்னாடி இருந்து தள்ளி, கடைசியில பின்பக்கமா கீழ இழுத்துட்டு வரணும். அப்படி வரும்போது பந்து பின்பக்கமா சுழலும். முன்னாடி போய்க்கிட்டே பின்னாடி உருள்ற மாதிரி.

இந்தச் சுழற்சிதான் விஷயமே. பம்பரம் விட்டிருப்பீங்க, இல்ல விட்டதைப் பார்த்திருப்பீங்க. சுத்தற வரைக்கும் ஆணி மேல நிக்கும், சுத்து குறைஞ்சதும் தள்ளாடும். பந்துக்கும் அதேதான். பின்சுழற்சியில பந்தோட அச்சு ரெண்டு கன்னங்களுக்கும் நடுவுல ஊடுருவிப் போகுது, வண்டிச் சக்கரத்தோட அச்சு மாதிரி. சீம் சக்கரத்தோட விளிம்பு. சக்கரம் தன் அச்சுல சுத்தினா விளிம்பு ஆடாது. நல்ல வேகப்பந்து வீச்சாளர் விடுற பந்து நொடிக்குப் பத்துப் பதினோரு முறை சுத்தும். பேட்ஸ்மேன்கிட்ட போய்ச் சேர அரை நொடிதான் ஆகும்கிறதால, வழியில அஞ்சாறு சுத்துதான் கிடைக்கும். ஆனா சீமை நிறுத்தி வைக்க அதுவே போதும்.

சீம் நிமிர்ந்து நேரா பேட்ஸ்மேனைப் பார்த்துக்கிட்டுப் போனா, புதுப் பந்துல காத்து ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வழிஞ்சு போகும். எந்தப் பக்கமும் தள்ளாது. சீமைக் கொஞ்சம் ஸ்லிப் பக்கம் திருப்பினா அவுட்ஸ்விங், ஃபைன் லெக் பக்கம் திருப்பினா இன்ஸ்விங். அதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம். நேரா போட வராதவன் ஸ்விங் பத்திப் பேசறது, எழுத்துக்கூட்டிப் படிக்காம கவிதை எழுதற மாதிரி. (என் அனுபவம்தான், நானும் எழுதியிருக்கேன்.)

சரி, கட்டை விரல் இடது கன்னத்துல ஏறினா என்ன ஆகும்? கையில பந்தை வச்சிருந்தா பண்ணிப் பாருங்க. வலது கையில பிடிச்சு, கட்டை விரலை அடியிலிருந்து மெதுவா இடது பக்கம் மேல ஏத்துங்க. கூடவே மணிக்கட்டும் திரும்பும். பேட்ஸ்மேனைப் பார்க்க வேண்டிய உள்ளங்கை இப்போ இடது பக்கம் பார்க்குது. பின்னாடி இருக்க வேண்டிய ரெண்டு விரலும் பந்தோட வலது பக்கத்துக்கு வந்துடுச்சு. அங்கிருந்து கீழ இழுத்து விட்டா அது ஆஃப் கட்டர். இவன் கேட்காமலே ஒவ்வொரு பந்தும் பாதி ஆஃப் கட்டரா போய்க்கிட்டிருக்கு. அச்சு சாஞ்சு போச்சு, சீம் தள்ளாடுது, லெக் ஸ்டம்ப்ல விழுந்த பந்து இன்னும் உள்ள வெட்டிக்கிட்டு பேட்ஸ்மேன் காலுக்குப் பின்னாடி போகுது.

இதை வீடியோவுல உறுதி பண்ணோம். ஒரு பழைய பந்தை எடுத்து, சீமுக்கு ஒரு பக்கம் மட்டும் வெள்ளை பெயின்ட் அடிச்சோம். மறுபக்கம் சிவப்பு அப்படியே. ஃபோனை ஸ்லோமோஷன்ல, நொடிக்கு 240 ஃபிரேம்ல வச்சு, அம்பயர் நிக்கிற இடத்துல ஒருத்தனை நிறுத்தினோம். சரியா விட்டா, பின்னாடியிலிருந்து பார்க்கும்போது ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் சிவப்பு, நடுவுல சீம் ஒரு கோடு. போய்ச் சேர்ற வரைக்கும் அப்படியே இருக்கும். தப்பா விட்டா ரெண்டு நிறமும் மாறி மாறித் தலையைக் காட்டும், மொத்தத்துல ரோஸ் கலர்ல கலங்கின மாதிரி தெரியும். இவனோட முதல் பத்துப் பந்துல ஏழு ரோஸ்.

ஆனா அந்த மீதி மூணுதான் எனக்கு ஆச்சரியம். அந்த மூணுலயும் நிறம் சுத்தமா பிரிஞ்சு நின்னுது, சீம் நேரா இருந்துது. மூணும் எங்க போச்சு தெரியுமா? ஆஃப் ஸ்டம்புக்கு ரொம்ப வெளியே. ஏன்னா பந்து எப்பவும் லெக் சைடு போகுதுன்னு தெரிஞ்சு, இவனே தன்னையறியாம குறியை வெளியே தள்ளி வச்சிருக்கான். தப்பா விட்ட பந்து ஸ்டம்ப் பக்கம் வருது, சரியா விட்ட பந்து வைடு ஆகுது. சரியா போட்டதுக்கெல்லாம் திட்டு வாங்கியிருக்கான். அப்படி இருந்தா உடம்பு எதைக் கத்துக்கும், சொல்லுங்க. குறியை மாத்தி மாத்தி நேராக்கப் பார்க்கிற எல்லாரும் இந்தக் குழியில விழறாங்க.

அந்த சீனியர் சொன்ன "கை சாய்வா வருது"ன்னு ஒண்ணு இருக்கே, அதையும் வீடியோவுல பார்த்தோம். உண்மைதான். பின்னாடியிலிருந்து பார்த்தா கை பன்னிரண்டு மணி முள் மாதிரி நிக்காம ஒரு மணி முள் மாதிரி சாய்வா வருது. ஆனா அது ஒரு குத்தமே இல்ல. நல்ல பௌலர்கள் நிறைய பேருக்குக் கை அப்படித்தான் வரும். கை சாஞ்சாலும் மணிக்கட்டு மட்டும் கொஞ்சம் நிமிர்ந்துகிட்டா, விரல்கள் பந்துக்குப் பின்னாடி வந்துடும், சீம் நிமிர்ந்துடும். தோள் ஒரு விஷயம், மணிக்கட்டு இன்னொரு விஷயம். ஒண்ணைச் சரி பண்ண இன்னொண்ணை உடைக்க வேண்டியதில்ல.

சரி பண்ணது எப்படின்னு கேட்பீங்க. முதல் ரெண்டு வாரம் பேட்ஸ்மேனே கிடையாது. தரையில மல்லாக்க படுக்கச் சொன்னேன். பந்தை நேரா மேல ஒரு ஆள் உயரம் சுண்டி விட்டு, அதே கையில பிடிக்கணும். படுத்திருக்கும்போது தோளும் இடுப்பும் உதவிக்கு வராது, மணிக்கட்டும் விரலும் மட்டும்தான் வேலை செய்யும். நிறம் பிரிஞ்சு மேல போய், பிரிஞ்சே கீழ வரணும். பந்து தலைக்கு நேரா வராம ஓரமா விழுந்தா, விரல் எந்தப் பக்கம் வழுக்குதுன்னு உடனே தெரிஞ்சுடும். இதை வீட்டு மொட்டை மாடியிலயே பண்ணலாம். மூக்கைப் பார்த்துக்கோங்க.

அப்புறம் ஒரு முட்டி போட்டு உட்கார்ந்து, அஞ்சு மீட்டர்ல இன்னொருத்தர்கிட்ட. அப்புறம் நின்னு பத்து மீட்டர்ல. அப்புறம் நாலு எட்டு நடந்து. ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரே விதி, பத்துக்கு எட்டு நிறம் பிரிஞ்சு போனாத்தான் அடுத்தது. அவனுக்கு நடந்து போடுற கட்டத்துலதான் மாட்டிக்கிச்சு. வேகம் கொஞ்சம் கூடினதும் கட்டை விரல் பழைய வீட்டுக்கு ஓடிப் போய்டும். அதுக்கு ஒரு வழி பண்ணோம்: ரன்னப் ஆரம்பிக்கிற இடத்துல நின்னு, பந்தைப் பார்க்காம, கட்டை விரலால மட்டும் சீமோட தையலைத் தடவிக் கண்டுபிடிக்கணும். தையல் விரலோட ஓரத்துல உறுத்தினாத்தான் ஓட ஆரம்பிக்கலாம். உறுத்தலைன்னா நின்னு மறுபடி பிடிக்கணும்.

நஷ்டமும் இருந்துது, அதையும் சொல்லிடணும். முதல் மாசம் வேகம் குறைஞ்சுது. உள்ளங்கையிலிருந்து பந்தை விரல் நுனிக்குக் கொண்டு வந்ததால பிடியே இல்லாத மாதிரி இருக்குன்னு புலம்பினான். ரெண்டு மூணு பந்து கையை விட்டு வழுக்கி ஃபுல் டாஸ் ஆச்சு. வேர்வையில இன்னும் மோசம். கையை எப்பவும் துடைச்சுக்கிட்டே இருன்னு சொன்னேன், வேற மந்திரம் கிடையாது. ஆறாவது வாரம் வாக்குல விரல் பழகினப்புறம் வேகம் தானா திரும்பி வந்துது.

இதெல்லாம் பெரிய மேட்ச்ல எப்படி வேலை செய்யும்னு பார்க்கணும்னா, நான் எப்பவும் ஒரு ஸ்பெல்லைத்தான் போட்டுக் காட்டுவேன். 2019 அக்டோபர், விசாகப்பட்டினம் டெஸ்ட், தென்னாப்பிரிக்காவுக்கு எதிரா கடைசி நாள். ஷமி 35 ரன்னுக்கு 5 விக்கெட். அந்த அஞ்சுல நாலு போல்டு. பவுமா, டு பிளெஸ்ஸி, டி காக், கடைசியில பீட். ஸ்பின்னுக்குன்னு எல்லாரும் நினைச்ச தேஞ்சு போன பிட்ச், அதுல வேகப்பந்து வீச்சாளர் ஸ்டம்பைப் பறக்க விடறார். ரீப்ளேல ஷமியோட கையைப் பாருங்க. பந்து போன பிறகு விரல்கள் பேட்ஸ்மேனை நோக்கி நேரா கீழ இறங்கும், சீம் ஒரு கோடா நிக்கும். டு பிளெஸ்ஸி பந்தை வெளியே போகுதுன்னு நினைச்சு பேட்டைத் தூக்கி விட்டுட்டார், ஸ்டம்ப் போச்சு.

அந்தப் பந்து எப்படி உள்ள வந்துதுன்னு யோசிச்சீங்கன்னா, நான் இதுவரைக்கும் சொன்னதோட எல்லையும் புரியும். சீமை நிமிர்த்தி வச்சா பந்து காத்துல நேரா போகும். தரையில விழுந்த பிறகு நேரா போகும்னு யாரும் உத்தரவாதம் தர முடியாது. தையல் மேல விழுந்தா, எந்த ஓரம் தரையைத் தொடுதோ அதுக்குத் தகுந்த மாதிரி கொஞ்சம் உள்ளயோ வெளியேயோ திரும்பும். எந்தப் பக்கம்னு போட்டவருக்கே முன்கூட்டித் தெரியாது. நிமிர்ந்த சீம்தான் தையல் மேல விழ அதிக வாய்ப்புள்ள சீம். நேரா வந்த பந்து கடைசி நேரத்துல ஒரு பேட் அகலத்துல பாதி திரும்பினாப் போதும், பேட்ஸ்மேன் கதை முடிஞ்சுது.

"அப்போ ஆன்டர்சன், பிராட் எல்லாம் வேணும்னே சீமை ஆட விட்டாங்களே, வாபிள் சீம்னு சொல்றாங்களே?"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தீங்க. நல்ல கேள்வி. அவங்க விரல்களைக் கொஞ்சம் அகலமா விரிச்சுப் பிடிச்சு, சீமை ஒரு சின்ன அளவுக்கு மட்டும் ஆட விடுவாங்க. ஸ்விங் ஆகாம நேரா போய், விழும்போது எந்த ஓரத்துல விழும்னு தெரியாத மாதிரி. ஆனா கவனிச்சுப் பாருங்க, மணிக்கட்டு அப்பவும் பந்துக்குப் பின்னாடியேதான் இருக்கும். அதனால லைன் கெடாது. நம்ம பையன் விட்டதும் ஆடின சீம்தான், ஆனா அது மணிக்கட்டு திரும்பினதால வந்த ஆட்டம். ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சு, "நானும் வாபிள் சீம்தான் போடுறேன்"னு சொல்ற ஆட்களை ஒவ்வொரு நெட்ஸ்லயும் பார்க்கிறேன். நேரா நிறுத்த முடிஞ்சவன் ஆட விட்டாத்தான் அது வாபிள் சீம்.

பையன் கதைக்கு வர்றேன். ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி ஒரு மேட்ச் கிடைச்சுது, அதுவும் ஒருத்தர் ஊருக்குப் போனதால. ஆறு ஓவர் போட்டான். ஒரு வைட், அதுவும் ஆஃப் சைடுல. விக்கெட் எதுவும் விழல, ஸ்லிப்ல ஒரு கேட்ச் விட்டாங்க. கேப்டன் ஏழாவது ஓவருக்கும் கூப்பிட்டார். அன்னைக்கு ராத்திரி எனக்கு ஒரு ஃபோட்டோ அனுப்பினான். முகம் இல்ல, ஸ்கோர்கார்டு இல்ல, கட்டை விரல் மட்டும். ஓரத்துல தையல் பதிஞ்சு சிவப்பா ஒரு கோடு. "அண்ணா, இங்கதானே?"ன்னு கீழ எழுதியிருந்தான்.

அங்கதான்.

அடுத்த எபிசோட்ல இதே பையனை வச்சு சீமை ஸ்லிப் பக்கம் திருப்பிப் பார்க்கலாம். பெயின்ட் அடிச்ச பந்தைத் தூக்கிப் போடாம வச்சிருங்க, அதுக்கும் தேவைப்படும்.